தன் வாயால் கெடும் கூற்று

வணக்கம் ஐயா,

என் நண்பன் எந்த விவாதத்தையும் "அவரவருக்கு அவரவர் உண்மை, எல்லோருக்கும் பொதுவான உண்மை என்று ஒன்று கிடையாது" என்று சொல்லி முடித்துவிடுகிறான். இது தன்னையே மறுத்துக்கொள்ளும் கூற்று என்று படித்தேன். இத்தகைய கூற்றுகளை அடையாளம் காண்பது எப்படி? "நான் இப்போது சொல்வது பொய்" என்பதும் இதே வகைதானா? அவனை வாயடைக்க ஒரு வழி சொல்லுங்கள்.

ம.

அன்புள்ள ம.,

"நான் சொல்வது பொய்" வேறு வகை. அதை உண்மை என்று எடுத்தால் பொய்யாகிறது, பொய் என்று எடுத்தால் உண்மையாகிறது. உங்கள் நண்பரின் வாக்கியத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை, அது வெறுமனே பொய்யாக இருந்துவிட்டுப் போகலாம். அது எல்லோருக்கும் பொருந்துமா என்று அவரைக் கேளுங்கள். பொருந்தும் என்றால் பொதுவான உண்மை ஒன்று வந்துவிட்டது. தனக்கு மட்டும்தான் என்றால் உங்களை மறுக்க அதில் எதுவுமில்லை. அவ்வளவுதான்.

ஆனால் வாயடைக்கக் கேட்கிறீர்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. தருக்கம் தெரிந்தவனுக்கு வருகிற முதல் கெட்ட பழக்கம் அது.

கல்லூரியில் எங்கள் தமிழாசிரியர் மணிமேகலையின் சமயக்கணக்கர் பகுதியை நடத்திக்கொண்டிருந்தார். உலகம் பூதங்களின் சேர்க்கைதான் என்று சொல்லும் பூதவாதி, புலன்களால் நேரே அறியும் காட்சி ஒன்றுதான் அறிவுக்கு வழி, கண்டதிலிருந்து காணாததை ஊகிக்கும் அனுமானம் செல்லாது, மறுமை என்பதும் பொய் என்கிறான். முற்பிறப்பை அறிந்த மணிமேகலை அதைக் கேட்டுச் சிரிக்கிறாள். அப்புறம், உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிவாய் என்று கேட்கிறாள். வகுப்பே கைதட்டியது. பின்வரிசையில் ஒருவன் எழுந்து, "ஐயா, அவன் தன் அப்பா அம்மா விஷயத்தில் அனுமானத்தை நம்புகிறான், சரி. அது அவனுடைய பலவீனம். அதனால் அவன் கொள்கை எப்படித் தப்பாகும்?" என்றான். ஆசிரியர் சட்டென்று பதில் சொல்லவில்லை.

அந்தக் கேள்வி என்னை இன்றுவரை விடவில்லை. ஒருவன் தன் கொள்கைப்படி நடக்கவில்லை என்பது வேறு, கொள்கை தன்னையே வெட்டிக்கொள்கிறது என்பது வேறு. புகைபிடிக்கும் மருத்துவர் புகை கெடுதல் என்றால், அந்தப் பேச்சில் பிழை இல்லை. பாதிப்பேர் முதல் வகையைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதைப் பிடித்துவிட்டதாகத் துள்ளுகிறார்கள்.

பூதவாதியை உண்மையில் மடக்குகிற வாதம் பௌத்தத் தருக்க மரபில் இருக்கிறது. தர்மகீர்த்தி சொன்னதாக மேற்கோள் காட்டுவார்கள். அதை இப்படி விரிக்கலாம். அனுமானம் நம்பத்தகாதது என்று உனக்கு எப்படித் தெரியும்? தூரத்தில் பனிமூட்டத்தைப் புகை என்று நினைத்து, நெருப்பு இருக்கிறது என்று ஓடி ஏமாந்திருப்பாய். கண் காட்டியது அந்த ஒரு ஏமாற்றத்தை மட்டும்தான். இனி வரப்போகும் அனுமானங்களை, மற்றவர்கள் செய்தவற்றை நீ பார்க்கவில்லை. பார்த்த சிலவற்றிலிருந்து பார்க்காத எல்லாவற்றுக்கும் தாவினாயே, அந்தத் தாவலுக்குப் பெயர்தான் அனுமானம். போதாததற்கு, எதிரில் இருப்பவன் வேறுவிதமாக நினைக்கிறான் என்று எண்ணித்தானே அவனோடு வாதாட வந்தாய்? அவன் மனத்தை நீ கண்ணால் பார்த்தாயா?

இதில் கவனிக்க வேண்டியது, அவன் கூற்று பொய் என்று இங்கே நிரூபிக்கப்படவில்லை. அனுமானம் உண்மையிலேயே செல்லாததாக இருக்கலாம். ஆனால் அப்படி இருந்தால் அது அவனுக்குத் தெரிய வழியில்லை. "உண்மை என்று எதுவுமே இல்லை" என்பது சொல்லும் பொருளாலேயே விழுகிறது. பூதவாதியின் கூற்று, அதை அறிந்ததாகச் சொல்லும்போது விழுகிறது. ஆகவே "எல்லாம்", "எதுவும்", "மட்டுமே" என்று ஒரு வாக்கியம் வந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த வாக்கியமும் அந்த "எல்லாவற்றில்" சேர்த்தியா? சேர்த்தி என்றால், கெடுவது அதன் உண்மையா, அதை அறிந்த வழியா?

இதற்குத் தப்பிக்கும் வழியும் உண்டு. பூதவாதியைப் போலவே பொருள்முதல்வாதியான புரந்தரர் என்ற சார்வாகர் உலக வழக்கில் உள்ள அனுமானத்தை ஏற்றுக்கொண்டார். காட்சிக்கே எட்டாத மறுமை போன்றவற்றுக்கு அதை நீட்டுவதைத்தான் மறுத்தார். "எல்லாம்" என்பதைச் சுருக்கியதும் தர்மகீர்த்தியின் கத்தி வெட்டுவதற்கு ஒன்றுமில்லாமல் போகிறது. இனி அவரோடு மறுமையைப் பற்றித்தான் பேச வேண்டும், அது நீண்ட வேலை.

மணிமேகலையின் ரசிகர்கள் கோபித்துக்கொள்ளட்டும்: பூதவாதி தோற்றதால் முற்பிறப்பு நிரூபணமாகவில்லை. அனுமானம் செல்லும் என்பது ஒன்று, இந்த அனுமானம் செல்லும் என்பது இன்னொன்று. உங்கள் நண்பர் விஷயத்திலும் அப்படித்தான். அவர் வாக்கியம் உடைந்தால் பொதுவான உண்மை ஏதோ ஒன்று இருக்கிறது என்று மட்டும்தான் ஆகும். அன்றைக்கு நீங்கள் இருவரும் எதைப் பற்றி வாதாடினீர்களோ, அதில் நீங்கள் சொன்னது சரி என்று ஆகாது. அது என்ன விவாதம் என்று கடிதத்தில் நீங்கள் ஒரு வரி கூட எழுதவில்லை.