போன் தவணையை செட்டில் செய்த பிறகும் சிபில் 642தானா?

கேள்வி: வணக்கம் அண்ணா. எனக்கு 26 வயது, மன்னார்குடி பக்கம் கிராமம். மூன்று வருஷத்துக்கு முன்னால் 18,000 ரூபாய் போனை 10 தவணையில் வாங்கி ஏழு தவணை கட்டினேன். அந்த வருஷம் சம்பா மழையில் போய்விட்டது, கடைசி மூன்று தவணை கட்ட முடியவில்லை. அப்புறம் கம்பெனி ஆள் வந்து 4,000 கட்டினால் முடித்துவிடலாம் என்றார், கட்டினேன். இப்போது மோட்டார் காயில் கட்டும் கடை போட பேங்கில் லோன் கேட்டால் சிபில் 642, முடியாது என்கிறார்கள். ஐந்தாறு ஆப்பிலும் கேட்டுப் பார்த்தேன், எல்லாம் ரிஜெக்ட். 8,000 கொடுத்தால் ஒரே மாதத்தில் 750க்கு ஏற்றித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள், தம்பி. அந்த 8,000 ரூபாயில் பாதிக்கும் கம்மியாகவே உங்கள் பிரச்சினையின் வேர் தீரலாம், அதுவும் நீங்களே செய்யக்கூடிய வேலை. கடன் கொடுத்த நிறுவனம் அனுப்பும் தகவல் மாறாமல் உங்கள் கடன் ரிப்போர்ட்டில் ஒரு எழுத்தைக்கூட வெளியாள் யாராலும் மாற்ற முடியாது.

முதலில் ரிப்போர்ட்டை எடுங்கள். இந்தியாவில் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று, நாம் கடன் கட்டிய வரலாற்றைப் பதிந்து ஸ்கோர் போடும் நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. அவர்களுடைய சொந்த இணையதளத்திலேயே எடுங்கள். உங்கள் ரிப்போர்ட்டை நீங்களே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது.

அதில் அந்த போன் கடனைத் தேடினால் மாதவாரியாகக் கட்டம் கட்டமாக எண்கள் இருக்கும், Days Past Due என்று போட்டிருக்கும். தவணை தேதி தாண்டி எத்தனை நாள் ஆகிறது என்பதுதான் அந்த எண். ஒழுங்காகக் கட்டிய ஏழு மாதத்துக்கும் 000 அல்லது STD என்று இருக்கும். அப்புறம் 30, 60, 90 என்று ஏறும். நீங்கள் மூன்று தவணைதானே என்று நினைத்திருப்பீர்கள், ஆனால் அந்த எண் மூன்று மாதத்தோடு நிற்காது. கம்பெனி ஆள் வந்து நீங்கள் 4,000 கட்டிய நாள் வரைக்கும் 120, 150 என்று ஏறிக்கொண்டேதான் போயிருக்கும். ஸ்கோர் கணக்கிடும் சூத்திரத்தை முழுசாக யாரும் வெளியிடுவதில்லை, ஆனால் அதில் அதிக எடை இந்தக் கட்டங்களுக்குத்தான். உங்கள் அப்பாவுக்கு எத்தனை மா நிலம், வீட்டில் எத்தனை சவரன், சேமிப்புக் கணக்கில் எவ்வளவு என்பதெல்லாம் ஸ்கோருக்குள் வரவே வராது.

அதே கடனுக்கு மேலே நிலை என்ற இடத்தில் Settled என்று இருக்கும். உங்களை அடிப்பது இதுதான். மூன்று தவணை 5,400, அதோடு அபராதம், பவுன்ஸ் சார்ஜ் சேர்ந்து பாக்கி 7,600 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 4,000 கட்டினீர்கள், மீதி 3,600ஐ அவர்கள் நஷ்டமாக எழுதிவிட்டார்கள். உங்களுக்கு அது கணக்கு முடிந்த விஷயம், ஆனால் பேங்க் மேனேஜர் அதைப் படிக்கும்போது, இவர் வாங்கிய கடனை முழுசாகத் திருப்பவில்லை என்றுதான் படிக்கிறார். வசூலுக்கு வருகிறவர் இந்த வித்தியாசத்தைச் சொல்வதே இல்லை, எத்தனையோ பிள்ளைகள் இதில் மாட்டுகிறார்கள், அதுதான் எனக்கு ஆதங்கம்.

இதைச் சரிசெய்ய கடன் கொடுத்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு கடன் எண்ணைப் போட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். தள்ளுபடி செய்த பாக்கி எவ்வளவு, அதைக் கட்டினால் நிலையை Closed என்று மாற்றி நான்கு நிறுவனங்களுக்கும் அனுப்புவீர்களா என்று கேளுங்கள். எழுத்தில் பதில் வந்த பிறகுதான் பணம் கட்டவேண்டும், அதையும் நிறுவனத்தின் ஆப்பிலோ கிளையிலோ கடன் எண்ணுக்கு நேராகக் கட்டுங்கள், எந்த ஏஜென்ட்டின் சொந்த ஜிபே நம்பருக்கும் அனுப்பவேண்டாம். கட்டி முடித்ததும் நிலுவை இல்லை என்ற சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

2025 ஜனவரியிலிருந்து கடன் கொடுத்தவர்கள் மாதம் இரண்டு முறையாவது தகவல் அனுப்பவேண்டும், அதனால் ஓரிரு மாதத்தில் மாற்றம் தெரியவேண்டும். தெரியாவிட்டால் ரிப்போர்ட் எடுத்த அதே தளத்தில் புகார் பதியலாம், சான்றிதழையும் இணையுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்கு வரவேண்டும், 2024 ஏப்ரலிலிருந்து இதுதான் விதி. ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள், நிலை மாறினாலும் அந்த 90, 120 எல்லாம் அழியாது. அதற்கு மேல் சுத்தமான மாதங்கள் சேரச் சேர அவற்றின் கனம் குறையும், அவ்வளவுதான்.

சரி, சுத்தமான மாதங்கள் எங்கிருந்து வரும்? இப்போது உங்கள் பெயரில் ஓடுகிற கடனே இல்லையென்றால் புதிதாக எழுத எதுவும் இருக்காது. கணக்கு இருக்கிற பேங்கில் 15,000 ரூபாய் டெபாசிட் போட்டு அதன் பேரில் கிரெடிட் கார்டு கேளுங்கள். டெபாசிட்டே ஈடாக நிற்பதால் ஸ்கோர் குறைந்தவர்களுக்கும் பொதுவாகக் கொடுப்பார்கள். லிமிட் 12,000 கிடைத்தால் மாதம் 3,000, 3,500க்கு மேல் போகாதீர்கள், ஏனென்றால் லிமிட்டில் எவ்வளவு பயன்படுத்துகிறீர்கள் என்பதும் ஸ்கோரில் சேரும், 30 சதவீதத்துக்குள் வைப்பது நல்லது. பில்லில் குறைந்தபட்சத் தொகை என்று ஒன்று போட்டிருப்பார்கள், அதைப் பார்க்கவே பார்க்காதீர்கள். அதை மட்டும் கட்டினால் தவணை தவறியதாகக் காட்டாது, ஆனால் மீதிக்கு வருஷத்துக்கு 40 சதவீதத்துக்கு மேலேகூட வட்டி ஓடலாம். முழு பில்லையும் கட்டுங்கள்.

நம்ம பக்கத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. நெல்லுக் காசு அறுவடை முடிந்து கொள்முதல் நிலையத்தில் மூட்டை போட்டு அப்புறம்தான் கணக்கில் ஏறும், தவணையோ ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் வந்து நிற்கும். மழையோ கொள்முதல் தாமதமோ வந்தால் முதலில் பவுன்ஸ் ஆவது அந்தத் தவணைதான், பேங்க் ஒருபக்கம் கடன் கொடுத்தவர் ஒருபக்கம் அபராதம் போடுவார்கள். அதனால் எந்தக் கடன் எடுத்தாலும் மூன்று மாதத் தவணையை அந்தக் கணக்கிலேயே முன்கூட்டிப் போட்டு வையுங்கள், அவ்வளவு ஒதுக்க முடியவில்லை என்றால் அந்தக் கடன் உங்களுக்குப் பெரியது.

ஆப்புகளில் விண்ணப்பிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அந்த நிறுவனம் உங்கள் ரிப்போர்ட்டைத் தேடியது என்று ஒரு பதிவு விழுகிறது, ஒரே மாதத்தில் ஐந்தாறு விழுந்தால் பணத்துக்கு அலைகிறார் என்று அடுத்தவர் முடிவு செய்வார். கார்டுக்கு ஒரே ஒரு முறை கேட்பதோடு ஆறு மாதமாவது வேறு எதற்கும் கேட்கவேண்டாம். நண்பர்களின் லோனுக்கு ஜாமீன் கையெழுத்தும் போடாதீர்கள், அவர் தவறினால் அது உங்கள் ரிப்போர்ட்டிலும் வரும்.

கடையை அதுவரை தள்ளிப்போட முடியாதென்றால், காயில் சுற்றும் மிஷினுக்கும் முதல் கம்பிச் சரக்குக்கும் வேண்டிய அளவு மட்டும் பேங்கில் நகைக் கடனாக எடுங்கள், அங்கே பெரும்பாலும் நகையைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். உங்கள் பெயரிலேயே எடுங்கள். மொத்தமாக வருஷக் கடைசியில் கட்டும் கடனாக இருந்தால் கெடு தேதியைக் காலண்டரில் குறித்து, அதற்கு ஒரு வாரம் முன்னாலேயே வட்டியைக் கட்டிப் புதுப்பியுங்கள், இரண்டு நாள் தாண்டினாலும் அந்தக் கட்டத்தில் ஒரு எண் விழ வாய்ப்பு உண்டு.