நகைக்கடை ஸ்டாக்கை எந்த விலையில் போடுவது? கேள்வி பதில்

கோவை, திருப்பூர் பக்கம் சிறிய, நடுத்தர நகைக்கடைகளின் கணக்கைத் தணிக்கை செய்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஏப்ரல் வந்தால் எல்லோரும் கேட்பது ஸ்டாக் மதிப்பைப் பற்றித்தான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

முருகேசன் (அப்பாவின் கடையைப் பார்த்துக்கொள்பவர்): அண்ணா, வருஷ ஆரம்பத்தில் இருந்த அதே எடைதான் இப்பவும் கடையில் இருக்கு. பேங்கில் பணமும் சேரல. ஆனா தங்கத்தில் 15 லட்சம் லாபம்னு ஆடிட்டர் சொல்றார். அந்தப் பணம் எங்கே?

பணம் எங்கும் போகவில்லை தம்பி, உங்கள் லாக்கரில்தான் தங்கமாக உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் அனுப்பிய கணக்கையே உருண்டை எண்களில் போடுகிறேன். செய்கூலி, சேதாரம் எல்லாவற்றையும் தள்ளிவைத்துத் தங்கத்தை மட்டும் பார்ப்போம்.

ஆரம்ப இருப்பு 1,000 கிராம், அடக்கம் கிராமுக்கு 6,000 ரூபாய். ஆக 60 லட்சம். வருஷத்தில் 7,500 விலையில் 1,000 கிராம் வாங்கி, அதே 7,500 விலையில் 1,000 கிராம் விற்றிருக்கிறீர்கள். 75 லட்சம் போனது, 75 லட்சம் வந்தது, கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. மார்ச் 31 அன்று போர்டு ரேட் 8,500.

உங்கள் ஆடிட்டர், முதலில் வந்த சரக்கு முதலில் போனதாக வைத்துக் கணக்கிடுகிறார். விற்றது பழைய 6,000 ரூபாய்த் தங்கம், மிச்சம் இருப்பது புதிய 7,500 ரூபாய்த் தங்கம். அதனால் இறுதி இருப்பு 75 லட்சம், லாபம் 15 லட்சம். பழையதையும் புதியதையும் கலந்து சராசரி எடுத்திருந்தால் கிராமுக்கு 6,750, இருப்பு 67.5 லட்சம், லாபம் 7.5 லட்சம்தான். மார்ச் 31 விலையில் போட்டிருந்தால் இருப்பு 85 லட்சம், லாபம் 25 லட்சம். வாங்கியதும் விற்றதும் மூன்றிலும் ஒன்றேதான். மாறியது இருப்பின் மதிப்பு மட்டும்.

வலிக்கிற இடம் வரி. கூட்டு நிறுவனத்துக்கு 30 சதவீதம், அதன் மேல் 4 சதவீதம் செஸ், ஆக 31.2. இந்த 15 லட்சத்துக்கு மட்டும் 4,68,000 ரூபாய். இதை இருக்கிற தங்கத்தை விற்றுக் கட்டுவதானால் 8,500 விலையில் 55 கிராம், ஏறக்குறைய 7 பவுன் போய்விடும். விலை ஏறுகிற வருஷத்தில் செய்கூலியில் மிச்சம் பிடிக்காத கடை, லாபம் காட்டிக்கொண்டே எடையில் சிறுத்துப்போவது இப்படித்தான்.

சி.ஏ. இன்டர் படிக்கும் ஒரு மாணவி: சார், அப்போ உண்மையான லாபம் 25 லட்சம்தானே? சொத்து மதிப்பு கூடியிருக்கு, மறைப்பதுதான் தப்பு. ஸ்டாக்கை நியாய மதிப்பில் போடலாம்னு சரக்கு இருப்புக்கான கணக்கியல் தரம் இன்ட் ஏஎஸ் 2-லேயே விலக்கு இருக்கு.

விலக்கு இருப்பது சரி, அது யாருக்கு என்பதில்தான் இடறிவிட்டீர்கள். அது சரக்குத் தரகு வியாபாரிகளுக்கானது. விலை ஏற்ற இறக்கத்தில் லாபம் பார்ப்பதற்காகவே வாங்கிச் சீக்கிரம் விற்பவர்கள் அவர்கள். நகைக்கடைக்காரர் தங்கத்தை நகையாக்கிச் செய்கூலியோடு விற்கிறவர். அவருக்கு அடக்க விலை, விற்றால் கைக்கு வரக்கூடிய நிகர விலை, இரண்டில் எது குறைவோ அதுதான். வருமான வரிக்கான கணக்கீட்டுத் தரமான ஐசிடிஎஸ் 2-ம் இதையே சொல்கிறது.

இந்த விதி புதிதும் இல்லை. 1953-ல் செயின்ரூப் சம்பத்ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அலசியிருக்கிறது, அங்கே சரக்கு வெள்ளிக் கட்டிகள். இறுதி இருப்பைக் கணக்கில் கொண்டுவருவது, விற்காத சரக்குக்கான செலவை இந்த வருஷத்திலிருந்து எடுத்துவிடத்தான், அதிலிருந்து லாபம் பிறப்பதில்லை என்பது தீர்ப்பின் சாரம். வரப்போகும் நஷ்டத்தை முன்கூட்டியே எழுதலாம், வரப்போகும் லாபத்தை எழுதக்கூடாது.

அந்த 85 லட்சம் அடுத்த வருஷத்தின் ஆரம்ப இருப்பாக வந்து நிற்கும் என்பதையும் பாருங்கள். விலை திரும்ப 7,500-க்கு இறங்கினால், முருகேசன் எந்தத் தப்பும் செய்யாமலே 10 லட்சம் நஷ்டம் காட்டுவார். வரியோ போன வருஷமே கட்டியாகிவிட்டது. ஆனால் கடையின் இன்றைய உண்மை மதிப்பு அடக்க விலையில் தெரியாது என்று நீங்கள் நினைப்பதில் நியாயம் உண்டு. பங்குதாரர்கள் பிரியும்போது அது பெரிய சண்டையாகிறது. கீழே வருகிறது.

முருகேசன்: சராசரிக்கு மாறினா வரி பாதியாகுதே, அப்போ இந்த வருஷமே மாறிடலாமா? அப்பா காலத்தில் கடைசியா வாங்கினதைத்தான் முதலில் கழிப்பாங்க. அது இன்னும் நல்லா இருக்குமே?

அப்பா முறையில் உங்கள் லாபம் பூஜ்யம். விற்றது 7,500 தங்கம், இருப்பது 6,000 தங்கம் என்றாகிவிடும். தங்கத்தை விற்றுத் தங்கத்தையே திரும்ப வாங்கும் தொழிலுக்கு அதுதான் பொருத்தமான முறை என்பது என் சொந்த அபிப்பிராயம். ஆனால் 1999-ல் சரக்கு இருப்புக்கான கணக்கியல் தரமான ஏஎஸ் 2-ஐத் திருத்தியபோதே அதை எடுத்துவிட்டார்கள், ஐசிடிஎஸ்-ஸிலும் இடமில்லை.

சராசரிக்கு மாறலாம், ஆனால் நியாயமான காரணம் வேண்டும். வரி குறையும் என்பது காரணமாகாது. பழைய நகை மாற்று அதிகமாகி, உருக்கிக் கலந்துவிடுவதால் எது எப்போது வாங்கிய தங்கம் என்று பிரிக்க முடியவில்லை என்பது காரணம். மாறியபின் ஏறும் வருஷம், இறங்கும் வருஷம் என்று பார்த்துத் தாவக்கூடாது. தப்பித்த வரியும் தள்ளித்தான் போகிறது. குறைந்த அடக்கத்தில் நிற்கும் சரக்கு விற்கிற வருஷத்தில் அந்த லாபம் வந்தே தீரும்.

இன்னொன்று. பில்லிங் சாஃப்ட்வேரில் ஸ்டாக் ரிப்போர்ட் எடுத்தால் பலவற்றில் அன்றைய ரேட்டில்தான் மதிப்பு வரும். கணக்கு எழுதுபவர் அதை அப்படியே எடுத்து வைத்துவிடுவார். கண்டுபிடிப்பது சுலபம். கல் எடை நீக்கி, எல்லாவற்றையும் 916-க்கு மாற்றிய நிகர எடையால் இருப்பு மதிப்பை வகுங்கள். விடை மார்ச் 31 போர்டு ரேட்டை ஒட்டி வந்தால், தெரியாமலே சந்தை விலையில் போட்டிருக்கிறீர்கள். நானே ஒரு கடையில் இதை மூன்றாவது வருஷம்தான் கவனித்தேன். வெட்கமான விஷயம்தான்.

ஓர் இல்லத்தரசி: என்னிடம் 40 பவுன் இருக்கு. நானும் வருஷா வருஷம் விலை ஏறினதை லாபமா காட்டணுமா?

வேண்டாம் அம்மா. இது விற்பனைக்கு வைத்திருக்கும் சரக்கைப் பற்றியது. உங்கள் நகை உங்கள் சொத்து. விற்கும்போதுதான் மூலதன ஆதாயக் கணக்கு வரும், அதுவரை ஒன்றும் இல்லை.

ராஜபாளையத்தில் கடை வைத்திருப்பவர்: 2024 ஜூலையில் இறக்குமதி வரியை 15-லிருந்து 6 சதவீதமாகக் குறைச்சப்போ ஒரே வாரத்தில் என் ஸ்டாக் மதிப்பு சரிஞ்சது. அந்த நஷ்டத்தை எழுத ஆடிட்டர் விடல. டைட்டன் எல்லாம் எழுதினாங்களே?

அவர்கள் பங்குச் சந்தையில் இருப்பவர்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு வெளியிட வேண்டும். அந்தக் காலாண்டிலேயே அடி தெரிந்துவிட்டது. உங்களுக்கு அளவுகோல் மார்ச் 31 மட்டும்தான். 2025 மார்ச்சில் விலை ஜூலைக்கு முன்பிருந்ததையும் தாண்டிவிட்டது, எழுத நஷ்டமே மிஞ்சவில்லை. ஆடிட்டர் சொன்னது சரி.

ஒருவேளை விலை கீழேயே நின்றிருந்தாலும் போர்டு ரேட்டை வைத்து ஒப்பிட முடியாது. முருகேசன் கணக்கையே எடுங்கள். அடக்கம் 7,500, ஆசாரிக்குக் கொடுத்த கூலி சேர்த்து 7,725 என்று வைப்போம். ரேட் 7,000-க்கு இறங்குகிறது. ஆனால் அந்த நகையை 12 சதவீதம் செய்கூலி, சேதாரத்தோடு 7,840-க்கு விற்பார். விற்பனைச் செலவு கிராமுக்கு 115 ரூபாயைத் தாண்டாதவரை குறைத்து எழுத எதுவும் இல்லை. நகை செய்ய வைத்திருக்கும் கட்டித் தங்கத்துக்கும் இதுதான். செய்யப்போகும் நகை அடக்கத்துக்குக் குறையாமல் விற்கும் என்றால் கட்டியையும் குறைக்கக் கூடாது. செய்கூலி இல்லாமல் நாணயம் விற்பவருக்குத்தான் இறக்கம் உடனே உறைக்கும்.

திருச்சியிலிருந்து ஒருவர்: பேங்குக்குக் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்டில் அன்றைய விலை போட்டால்தான் லிமிட் கிடைக்குது. பேலன்ஸ் ஷீட்டில் அடக்க விலை. பிரச்சினை வருமா?

வரும், ஆனால் தடுக்கலாம். இரண்டிலும் கிராம் ஒன்றாக இருக்க வேண்டும், ஸ்டேட்மென்டில் எந்த விலை என்று எழுதியும் இருக்க வேண்டும். மதிப்பு வேறுபட்டால் விளக்கிவிடலாம். எடை வேறுபட்டால் விளக்கவே முடியாது. உங்கள் வங்கி சந்தை விலையை ஏற்கிறதா என்று அனுமதிக் கடிதத்தில் பாருங்கள். அடக்கம் அல்லது சந்தை, எது குறைவோ அது என்று போட்டிருந்தால் நீங்கள் செய்வது தப்பு.

பெயர் வேண்டாம் என்றவர்: நாங்க அண்ணன் தம்பி மூணு பேர் பங்கு. பெரியவர் விலகுறார். 2 கோடி ஸ்டாக் இன்னைக்கு விலைக்கு 5 கோடி. அவர் 5 கோடியில் பங்கு கேட்கிறார். அப்படிக் கொடுத்தா மீதி 3 கோடிக்கு நாங்க வரி கட்டணுமா?

அண்ணன் கேட்பது நியாயம். விலகுபவருக்கு அன்றைய மதிப்பில்தான் பார்ப்பார்கள். வரி தனிக் கதை. நிறுவனம் கலையாமல் அவர் மட்டும் விலகினால் ஸ்டாக்கை ஏற்றிப் போட வேண்டியதில்லை. பத்திரத்தில் ‘கலைப்பு’ என்று எழுதிவிட்டால் சிக்கல். ஏ.எல்.ஏ. ஃபர்ம் வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம், கலைந்தால் சந்தை விலை என்றது. 2001-ல் சக்தி டிரேடிங் வழக்கில், கலைந்தாலும் தொழில் அப்படியே தொடர்ந்தால் அடக்கம் அல்லது சந்தை, எது குறைவோ அதுவே போதும் என்றது. பிறகு வந்த ஐசிடிஎஸ் 2, தொழில் தொடர்ந்தாலும் சரி, நின்றாலும் சரி, கலைந்த அன்று விற்கக்கூடிய நிகர விலைதான் என்கிறது. பழைய தீர்ப்பு இன்னும் காப்பாற்றும் என்று வாதாடுபவர்கள் உண்டு, நான் அதை நம்பி யாரையும் இறக்கிவிட மாட்டேன்.

அண்ணனுக்குப் பங்கைத் தங்கமாகவே கொடுத்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். விலகுபவருக்குச் சரக்கைக் கொடுத்தால் அன்றைய விலைக்கு விற்றதாக வைத்து நிறுவனத்தின் மேல் வரி போட 2021-ல் சட்டம் வந்துவிட்டது. பணமாக, தவணையில் கொடுக்க அவர் சம்மதிப்பாரா என்று முதலில் பேசுங்கள். பத்திரம் எழுதுவதற்கு முன்பே ஆடிட்டரிடம் வரைவைக் காட்டுங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வருபவர்கள்தான் அதிகம்.