தட்டிப் பார்த்தே நெஞ்சில் நீர் என்று சொல்ல முடியுமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. இரண்டு வாரமாகச் சாயங்காலக் காய்ச்சல், வறட்டு இருமல், வலது விலாவில் வலி. டாக்டர் முதுகை விரலால் தட்டினார், "ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு" என்று சொல்லச் சொன்னார். பிறகு, "நீர் கோத்திருக்கும் போலிருக்கிறது, எக்ஸ்ரே எடுங்கள்" என்றார். எக்ஸ்ரேயிலும் நீர்தான். சத்தத்தை வைத்து எப்படிச் சொன்னார்? நிமோனியா என்றாலும் அதே சத்தம்தானே வரும்?

பதில்: உங்கள் சந்தேகம் சரிதான். நீருக்கும் நிமோனியாவுக்கும் தட்டும்போது வரும் சத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால்தான் அவர் தட்டியதோடு நிறுத்தாமல் "ஒண்ணு" சொல்லச் சொன்னார்.

முதலில் தட்டல். இடது கை நடுவிரலை இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே அழுத்தி வைத்து, வலது கை நடுவிரல் நுனியால் அதன் மேல் தட்டுவோம். மணிக்கட்டுதான் அசையும், முழங்கை அசையாது. தட்டிய விரலை உடனே எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் அந்த விரலே சத்தத்தை அமுக்கிவிடும். உள்ளே காற்று நிறைந்த நுரையீரல் இருந்தால் நெஞ்சுச் சுவர் தாராளமாக அதிரும். சத்தம் தாழ்ந்த சுருதியில் கொஞ்சம் நீண்டு ஒலிக்கும். நீரோ இறுகிய நுரையீரலோ சுவரை ஒட்டியிருந்தால் அதிர்வு அங்கேயே அடங்கி, 'தொப்' என்று முடிந்துவிடும். நீர் என்றால் இன்னும் மந்தம். கீழே இருக்கும் விரலிலேயே ஒரு கெட்டித்தனம் தெரியும். கூட்டம் நிறைந்த ஓ.பி.யில் காதைவிட அந்த விரலைத்தான் நான் அதிகம் நம்புவேன்.

அப்பாவின் முதுகில் மேலிருந்து கீழாக, இடதும் வலதும் மாற்றி மாற்றித் தட்டியிருப்பார். தோள்பட்டை எலும்பின் கீழ்முனை வரை இரண்டு பக்கமும் ஒரே சத்தம் என்று வைத்துக்கொள்வோம். அதற்குக் கீழே இடது பக்கம் ஒலி தொடர்கிறது, வலது பக்கம் மந்தமாகிறது. உடனே நீர் என்று சொல்லிவிட முடியாது. வலது பக்கம் கீழே கல்லீரல் இருக்கிறது, அதுவும் மந்தமாகத்தான் ஒலிக்கும். அதனால் மூச்சை நன்றாக இழுத்துப் பிடிக்கச் சொல்லி, மறுபடி தட்டுவோம். கல்லீரலாக இருந்தால், உதரவிதானம் இறங்கும்போது மந்த ஒலியின் மேல் எல்லையும் சில சென்டிமீட்டர் கீழே இறங்கும். நீராக இருந்தால் எல்லை பெரும்பாலும் அங்கேயே நிற்கும்.

இப்போது "ஒண்ணு". நிமோனியாவில் நுரையீரலின் காற்றறைகள் சளியும் சீழுமாக நிரம்பி இறுகிவிடும், ஆனால் மூச்சுக்குழல் திறந்தே இருக்கும். குரல் அந்த இறுகிய திசு வழியாக நன்றாகக் கடந்து வரும். ஸ்டெதாஸ்கோப்பில் பக்கத்தில் நின்று பேசுவதுபோல் கேட்கும், முதுகில் வைத்த கையிலும் அதிர்வு கூடும். நீர் அப்படியல்ல. அது நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் நடுவில் நிற்பதால் குரல் தடைபட்டு, கை வைத்தாலும் அதிர்வு தெரியாது. மூச்சுச் சத்தமும் குறைந்துவிடும். ஆக, "இங்கே காற்று இல்லை" என்பதைத் தட்டல் சொல்கிறது, அது நீரா திடமா என்பதைக் குரல் சொல்கிறது.

1761-இல் வியன்னாவில் நெஞ்சைத் தட்டிப் பார்க்கும் முறையை எழுதி வெளியிட்ட லியோபோல்ட் ஆவன்பிரக்கர், இறந்தவர்களின் நெஞ்சில் நீரைச் செலுத்தி, மந்த ஒலி எந்த மட்டம் வரை வருகிறது என்று சரிபார்த்தார்.

நெஞ்சுக்கூட்டில் காற்று கசிந்திருந்தால் நேர் எதிர்: தட்டினால் வழக்கத்தைவிட அதிகமாக ஒலிக்கும், ஆனால் மூச்சுச் சத்தம் கேட்காது. இதில் ஒரு பொறி உண்டு. நோயுள்ள பக்கம் அவ்வளவு நன்றாக ஒலிப்பதால், நல்ல பக்கம்தான் மந்தம் என்று தோன்றிவிடும். ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால்தான் குட்டு உடையும்.

தட்டலின் எல்லையும் தெரிந்திருக்கட்டும். சில சென்டிமீட்டர் ஆழம் வரைதான் எட்டும். நுரையீரலின் நடுவில் உள்ள கட்டியோ நிமோனியாவோ தெரியாது. 200, 300 மில்லிக்குக் குறைவான நீரும் பெரும்பாலும் தப்பிவிடும். பருமனானவர்களுக்கு எல்லாமே மந்தமாகத் தோன்றும். அதனால்தான் எக்ஸ்ரே, அதற்குப் பிறகு அல்ட்ராசவுண்ட். இப்போது நீர் எடுக்க ஊசி போடும் இடத்தையும் ஸ்கேனில் பார்த்துக் குறிப்பதே நல்லது.

ஊசி வழியாகக் கொஞ்சம் நீர் எடுத்துச் சோதிக்கச் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள். இரண்டு வாரக் காய்ச்சலோடு ஒரு பக்கம் மட்டும் நீர் என்றால் நம் ஊரில் காசநோயை முதலில் சந்தேகிப்போம். 61 வயதில் புற்றுநோய் இல்லை என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். மூச்சுத்திணறல் கூடினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

நீர் வற்றிய பிறகும் மறுபரிசோதனையில் அந்த இடம் கொஞ்சம் மந்தமாகவே ஒலிக்கலாம். நுரையீரல் உறை தடித்துப்போயிருந்தால் அப்படி இருக்கும். நீர் திரும்ப வந்துவிட்டதா என்பதை அப்போது ஸ்கேனில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.