பெயரின் பொருளை வைத்து ஒரு கேப்ஷன்

"குழந்தையின் பெயர் சூட்டு விழாப் படத்துக்கு, பெயரின் அர்த்தம் வருகிற மாதிரி கேப்ஷன் எழுதுவது எப்படி?"

இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு, எல்லாமே ஒரே மாதிரி இருக்கிறதே என்று சலித்துப்போய்த்தான் இங்கே வந்திருப்பீர்கள். என் அண்ணன் மகளுக்கு ஆதிரை என்று பெயர் வைத்தபோது கேப்ஷன் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. அதற்குள் சொந்தக்காரர் ஒருவர் முந்திக்கொண்டு ஒன்றை அனுப்பிவிட்டார்:

"ஆதிரை என்றால் நட்சத்திரம். வெண்ணிலவாய் ஒளிர்வாய் கண்ணே!"

முதல் வரி நட்சத்திரம், அடுத்த வரி நிலா. அதுகூடப் போகட்டும். ஆதிரை வெள்ளையே கிடையாது. ஓரியன் என்ற வேட்டைக்கார விண்மீன் கூட்டத்தின் தோளில் இருக்கும் செந்நிற விண்மீன் அது. வெறும் கண்ணுக்கே அந்தச் சிவப்பு தெரியும். 'நட்சத்திரம்' என்று மட்டும் சொன்னால் தாரா, உடு என்று எந்தப் பெயருக்கும் அந்த வரி பொருந்தும். அந்தச் சிவப்பைச் சொன்னால்தான் அது ஆதிரையின் வரி ஆகும். அதனால் நான் எழுதியது இது:

"வானத்தில் ஒரு சிவப்பு விண்மீன்.
இன்று முதல் எங்கள் வீட்டிலும்.
ஆதிரை."

'என்றால்' என்ற சொல்லே வரவில்லை, பாருங்கள். அது வந்தால் அகராதி வாசிக்கிற மாதிரி ஆகிவிடும். பெயரைக் கடைசியில் வைத்ததும் வேண்டுமென்றேதான். முந்தைய இரண்டு வரியும் அதற்குத்தான் வழிவிடுகின்றன. ஆனால் நான்கைந்து வரிக்கு நீட்டினால் திரையில் 'மேலும்' என்று மடங்கி, பெயர் உள்ளே மறைந்துவிடும். மூன்று வரி போதும்.

அண்ணிக்கு வானம், விண்மீன் எல்லாம் பிடிக்கவில்லை. மணிமேகலைக் காப்பியத்தில் அமுதசுரபியில் முதல் பிச்சை இட்டவள் பெயரும் ஆதிரைதான். அதை வைத்து இன்னொன்று எழுதினேன்:

"அமுதசுரபியில் முதல் அன்னம் இட்டவள் பெயர்,
இன்று முதல் எங்கள் மகளுக்கும்.
ஆதிரை."

கடைசியில் இதுதான் போனது. இரண்டையும் சேர்த்துப் போடலாமே என்று அண்ணன் கேட்டான். கூடாது என்றேன். விண்மீனும் அன்னமும் ஒரே கேப்ஷனில் வந்தால் எதுவும் மனதில் நிற்காது.

'ஒரு கேப்ஷனுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா' என்று யாராவது கீழே வந்து எழுதுவார்கள், தெரியும். பெயர்ப் பட்டியல் தளங்களில் பாதிப் பெயருக்கு 'அழகானவள்', 'அறிவானவள்' என்றே போட்டிருக்கிறார்கள். ஒரு முறை தமிழ்ப் பேரகராதியைப் புரட்டுவதில் என்ன குறைந்துவிடப் போகிறது?

இத்தனைக்கும் பிறகு அந்தச் சொந்தக்காரர் என்ன செய்தார் தெரியுமா? கேப்ஷனுக்குக் கீழே தன் பெயரும் பட்டமும் வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். குழந்தை பெயரைவிடப் பெரிய எழுத்தில்! வாழ்த்துகிறவர் படித்த படிப்புக்கும் குழந்தைக்கும் என்ன சம்பந்தம்? அதைத் தனியாக ஒரு கேள்வியாகவே கேட்கலாம்.

சரி, உங்கள் குழந்தைக்கு என்ன பெயர் என்று சொல்லவே இல்லையே?