வேலை சென்னையில், வீடு எங்கே?

மதுரையிலிருந்து கிண்டிக்கு மாற்றலாகி வருகிறேன். கையில் வருவது 46,000 ரூபாய். மனைவி வீட்டில், மகன் ஒன்றாம் வகுப்பு. வேளச்சேரியில் ஒரு பெட்ரூம் வீடு 17,000, கூடுவாஞ்சேரியில் அதே அளவு வீடு 9,500. கூடுவாஞ்சேரி போனால் மாதம் 7,500 மிச்சம்தானே?

அவ்வளவு மிஞ்சாது. வாடகையையும் போக்குவரத்தையும் ஒரே வரியில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். மாதம் 24 வேலை நாள் என்று வைத்துக்கொள்வோம்.

கூடுவாஞ்சேரியிலிருந்து கிண்டிக்கு நேரடி மின்சார ரயில் இருக்கிறது, சீசன் டிக்கெட்டும் மலிவு, 200 ரூபாய் போட்டுக்கொள்ளுங்கள். காசு கரைவது ரயிலில் இல்லை, ரயிலின் இரண்டு முனைகளிலும்தான். வீடு ஸ்டேஷனிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே என்றால் ஷேர் ஆட்டோவுக்குப் போக 20, வர 20. கிண்டியில் இறங்கி அலுவலகம் போகவும் அதே கதை. இரண்டும் சேர்ந்து மாதம் 1,920. வேலை முடிய இரவு 11 மணி தாண்டிவிடும் நாள் மாதத்தில் நான்கு வந்தால், காருக்குத் தடவைக்கு 600 என்று 2,400. எல்லாம் சேர்த்து 4,520. வாடகையோடு 14,020.

வேளச்சேரியில் இருந்து பைக்கில் போனால் பெட்ரோல் 700 ஆகலாம். மொத்தம் 17,700. ஆக வித்தியாசம் 3,680தான், அதற்கு விலையாகத் தினமும் ஒன்றரை மணி நேரமாவது கூடுதலாக வழியில் போகும்.

உங்கள் சம்பளத்துக்கு 3,680 சின்னத் தொகை இல்லை. அதனால் கூடுவாஞ்சேரியையே எடுங்கள், ஆனால் ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில். அங்கே வாடகை 11,000 ஆனாலும் ஷேர் ஆட்டோ செலவில் 960 குறைந்துவிடும். கையை விட்டுப் போவது கூடுதலாக 540 ரூபாய். மழை நாளில் ஆட்டோவுக்கு நிற்கிற வேலையும் இல்லை. இரவு வேலை மாதம் எட்டு நாள் ஆகும் என்றால் கணக்கு மாறிவிடும், அப்போது வேளச்சேரி பக்கமே பாருங்கள். சேருமுன் இதை மட்டும் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

வாடகை 15,000. வீட்டுக்காரர் ஆறு மாத அட்வான்ஸ் கேட்கிறார். பர்சனல் லோன் எடுக்கலாமா?

வேண்டாம். அட்வான்ஸ் 90,000, புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, முதல் மாத வாடகை என்று சேர்ந்தால் சாமான் ஏற்றுமுன்னே 1,20,000 ஆகிவிடும். வட்டியில்லாமல் வீட்டுக்காரரிடம் கிடக்கப்போகும் பணத்துக்கு நீங்கள் வட்டி கட்டுவது சரிவராது.

தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் குடியிருப்புக்கு அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. ஆறு மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டால் நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். எனவே பேச வேண்டியது கையெழுத்துக்கு முன்னால். நான்கு மாதம் இப்போது, மீதியை இரண்டு தவணையில் என்று கேட்டுப் பாருங்கள், பலர் இறங்கி வருவார்கள். காலி செய்யும்போது பெயிண்டுக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

அப்புறம் கரண்ட். சென்னையில் நான் முதலில் குடியேறிய வீட்டில் மாடிப்படிக்குக் கீழே எனக்கென்று ஒரு சின்ன சப்-மீட்டர் இருந்தது. யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று ஒப்புக்கொண்டேன். மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட்டை இலவசமாகத் தருகிறது, எனக்கு அது கிடைக்கவே இல்லை. 300 யூனிட் ஓடிய தடவை 3,000 கட்டினேன். மின்வாரியத்தின் மீட்டரே தனியாக இருக்கிற வீடு என்றால் வாடகை 500 கூடினாலும் பரவாயில்லை. வீடு பார்க்கப் போகும்போது மீட்டர் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

சோழிங்கநல்லூரில் பெண்கள் பி.ஜி.யில் இருக்கிறேன். சாப்பாட்டோடு 9,000. ஆனாலும் சாப்பாட்டுச் செலவு தனியாக ஓடுகிறது. எப்படி நிறுத்துவது?

பி.ஜி. இரவுச் சாப்பாடு பிடிக்காமல் வாரம் மூன்று நாள் 200 ரூபாய்க்கு ஆர்டர் செய்தாலே மாதம் 2,400 ரூபாய்க்கு மேல். ஒரே வேளைக்கு இரண்டு முறை காசு தருகிறீர்கள். சாப்பாடு இல்லாமல் என்ன வாடகை என்று கேளுங்கள். கணிசமாகக் குறைத்தால் பக்கத்து மெஸ்ஸில் மாதக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். குறைக்கவில்லை என்றால் இரண்டு மூன்று தோழிகள் சேர்ந்து வீடு எடுப்பதுதான் வழி. சமைப்பதற்குப் புதிய கேஸ் இணைப்புக்குக் காத்திருக்க வேண்டாம், 5 கிலோ சிலிண்டரை அடையாள அட்டை மட்டும் காட்டி வாங்கலாம். சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்து உங்களுக்கு இலவசம், அலுவலக வழியில் அது ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வீடு தேடுங்கள்.

வாடகை கட்டுவதால் வரி குறையுமா?

பழைய வரித் திட்டத்தில் இருந்தால் மட்டும். புதிய திட்டத்தில் வீட்டு வாடகைப்படிக்கு விலக்கு கிடையாது. பழையதில் வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண்ணை அலுவலகத்தில் தர வேண்டும். அதைத் தருவாரா என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.