ஷீட்டில் குறிப்பிட்ட டேப்புக்கும் கட்டத்துக்கும் லிங்க்: கேள்வி பதில்

வேளச்சேரி, குடியிருப்போர் சங்கச் செயலாளர்: கூகுள் ஷீட்டில் பராமரிப்புக் கணக்கு வைத்திருக்கிறோம். C-204 வீட்டின் வரிசைக்கு லிங்க் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அப்போது சரியாக இருந்தது. இப்போது அதைத் திறந்தால் C-203-இன் பாக்கி தெரிகிறது. ஏன்?

சார், வலது கிளிக் செய்து View more cell actions, அதில் Get link to this range என்று எடுத்திருப்பீர்கள். அந்த லிங்க்கின் வாலைப் பாருங்கள்:

```
#gid=815203764&range=A14:F14
```

gid என்பது டேப்பின் எண். range என்பது வெறும் இடம். 14-ஆம் வரிசையில் யார் இருக்கிறார்கள் என்று லிங்க்குக்குத் தெரியாது. மேலே யாரோ ஒரு வரிசை நுழைத்திருக்கிறார்கள். C-204 பதினைந்துக்கு இறங்கிவிட்டது, லிங்க் பதினான்கிலேயே நிற்கிறது. ஏறுவரிசை, இறங்குவரிசை என்று யாராவது ஷீட்டை மாற்றி அடுக்கினாலும் இதுதான் நடக்கும். வரிசை மாறாத பட்டியலுக்கு மட்டுமே இந்த முறை பொருந்தும்.

அம்பத்தூர், கணக்காளர்: டேப்பின் பெயரை மாற்றியிருப்பார்கள். பெயர் மாறினால் லிங்க் போய்விடும், எக்செல்லில் எனக்கு அப்படித்தான் ஆனது.

எக்செல்லைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரிதான் மேடம். அங்கே HYPERLINK ஃபார்முலாவுக்குள் டேப்பின் பெயரையே எழுதுகிறோம், பெயர் மாறினால் லிங்க் அறுந்துவிடும். கூகுள் ஷீட்டில் பெயரை மாற்றினாலும், டேப்பை இழுத்து வேறு இடத்தில் வைத்தாலும் gid மாறாது.

ஆனால் டேப்பை நகலெடுத்தால் புது gid வரும். பல சங்கங்களில் மே மாத டேப்பை Duplicate செய்து ஜூன் என்று பெயர் வைக்கிறார்கள். பழைய லிங்க்கைத் தட்டினால் மே மாதமே வரும். எண்கள் ஏறக்குறைய ஒன்றுபோல் இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. திறந்ததும் கீழே எந்த டேப் வெளிச்சமாக இருக்கிறது என்று பாருங்கள்.

மீண்டும் வேளச்சேரி: அப்படியென்றால் வீட்டு எண்ணைப் பின்தொடரும் லிங்க்குக்கு என்ன வழி?

கட்டத்துக்கு நேராக லிங்க் அனுப்புவதை விட்டுவிடுங்கள். "முகப்பு" என்று ஒரு டேப் போட்டு, A பத்தியில் வீட்டு எண்களை வரிசையாக எழுதுங்கள். B2-இல் இதைப் போட்டுக் கீழே இழுங்கள்:

```
=HYPERLINK("#gid=815203764&range=A"&MATCH(A2,'ஜூன்'!A:A,0),"பார்க்க")
```

C-204 ஜூன் டேப்பில் எந்த வரிசையில் இருக்கிறது என்பதை MATCH தேடிச் சொல்லும். 14 என்றால் A14, நாளை 15 ஆனால் A15. வாட்ஸ்அப்பில் முகப்பு டேப்பின் லிங்க்கை ஒரே ஒருமுறை அனுப்பினால் போதும். மாதம் பிறந்ததும் gid எண்ணையும் டேப் பெயரையும் இரண்டையுமே மாற்ற வேண்டும். டேப் பெயரை மட்டும் மாற்றினால், ஜூலையில் தேடிய வரிசை எண்ணை வைத்துக்கொண்டு ஜூன் டேப்பைத் திறக்கும். பிழை எதுவும் காட்டாது என்பதால் இதைத்தான் நான் மிகவும் கவனிக்கச் சொல்வேன்.

#N/A வந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் ஒரு பக்கம் "C-204", இன்னொரு பக்கம் "C 204" என்றிருக்கும், அல்லது கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டியிருக்கும். ஒரே வீட்டுக்கு இரண்டு வரிசை இருந்தால் MATCH முதலாவதைத்தான் காட்டும்.

பெரம்பூர், ட்யூஷன் மையம்: எனக்கும் இதே தேவைதான் அண்ணா. ஒவ்வொரு பெற்றோருக்கும் அவர்கள் பிள்ளையின் வரிசை லிங்க்கை மட்டும் கொடுத்தால் மற்ற பிள்ளைகளின் மார்க் தெரியாதுதானே?

இல்லை தம்பி, உங்கள் தேவை வேறு. லிங்க் கண்ணை அந்த இடத்துக்குக் கொண்டுபோகும், மற்றதை மறைக்காது. பகிர்வது முழுக் கோப்பையும்தான். பெற்றோர் விரலை மேலே தள்ளினால் வகுப்பே தெரியும். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் இன்றே Share-இல் போய் அனுமதியை நிறுத்துங்கள். ஒவ்வொருவருக்கும் தனிக் கோப்பு வைத்து, அந்த வரிசையை மட்டும் IMPORTRANGE மூலம் வரவழைக்கலாம். அந்தக் கோப்பில் பெற்றோருக்குப் பார்க்கும் உரிமை மட்டும் கொடுங்கள். திருத்தும் உரிமை கொடுத்தால், அவர்கள் ஃபார்முலாவை மாற்றி மூலக் கோப்பின் வேறு பகுதியையும் இழுத்துவிட முடியும்.

மயிலாப்பூர், ஓய்வுபெற்ற ஆசிரியை: லேப்டாப்பில் கட்டம் சரியாக வருகிறது. என் செல்போனில் டேப் மட்டும் வருகிறது, கட்டத்துக்குப் போக மாட்டேன் என்கிறது.

அம்மா, போனில் லிங்க்கைத் தட்டினால் ஷீட்ஸ் ஆப்பில் திறக்கும். ஆப் எல்லாப் போனிலும் ஒரேபோல் நடப்பதில்லை. லிங்க்கை நகலெடுத்து பிரவுசரில் ஒட்டிப் பாருங்கள். அதிலும் வரவில்லையென்றால், எந்தப் போன் என்று எழுதுங்கள். அதுவரை, செய்தியிலேயே "15-ஆம் வரிசை" என்று ஒரு சொல் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள்.