அடி வாங்குன எங்க மேலயே எஃப்ஐஆர்

கேள்வி: சாக்கடைத் தண்ணி தகராறுல பக்கத்து வீட்டுக்காரர் என் வீட்டுக்காரரை கட்டையால அடிச்சிட்டாரு, தலையில 4 தையல். முதல்ல புகார் குடுத்தது நாங்கதான். மறுநாள் அவரும் புகார் குடுத்து இப்போ நாங்க ரெண்டு பேரும் காலேஜ் படிக்கிற பையனும் அக்யூஸ்டு. பையன் அன்னைக்கு ஊர்லயே இல்ல. எஸ்ஐ ராஜியா போயிடுங்கன்றாரு. என்ன சார் பண்றது?

பதில்: அம்மா, முதல்ல புகார் குடுத்தா எதிர் புகாரை எடுக்க மாட்டாங்கன்னு சட்டத்துல இல்ல, 2004ல உப்கார் சிங் வழக்குல எதிர்த்தரப்பு சொல்ற கதைக்கும் தனி எஃப்ஐஆர் போடலாம்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. ஆனா ரெண்டு கேஸையும் ஒரே அதிகாரி விசாரிச்சு, யார் ஆரம்பிச்சதுன்னு பாத்து உண்மையான கேஸ்ல மட்டும் சார்ஜ் ஷீட் போடணும்ங்கிறதுதான் நம்ம தமிழ்நாடு போலீஸ் நிலையாணை. நடைமுறையில கோர்ட்டே பாத்துக்கட்டும்னு ரெண்டுலயும் போட்டு அனுப்பிடறாங்க, அதனால சார்ஜ் ஷீட்டுக்கு முன்னாடி இருக்கிற இந்த நாட்கள்தான் உங்களுக்கு முக்கியம்.

ஜிஎச்ல போட்ட ஏஆர், அதாவது ஆக்சிடெண்ட் ரிஜிஸ்டர் காப்பியை ரெண்டு தரப்புக்கும் பாருங்க. டாக்டர்கிட்ட அடிபட்டவர் முதல்ல சொன்னது அதுலதான் இருக்கும், எத்தனை மணிக்கு, தெரிஞ்ச நபர் எத்தனை பேர், எதால அடிச்சாங்கன்னு. பக்கத்து வீட்டுக்காரரோட ஏஆர்ல "தெரிந்த நபர் 2 பேர், கையால்"னு இருந்து எஃப்ஐஆர்ல 3 பேர், இரும்பு ராடுன்னு மாறியிருந்தா உங்க பையன் பேரு அப்புறமா சேர்த்ததுன்னு அந்தத் தாளே காட்டும். அவருக்கு நிஜமாவே காயம் இருந்தா அது எப்படி வந்ததுன்னு உங்க வாக்குமூலத்துல மறைக்காம சொல்லுங்க, தடுக்கும்போது பட்டதுன்னா அப்படியே சொல்லுங்க. காயத்தைப் பத்தி பேசாம விட்டா உங்க கேஸ்தான் பலவீனமாகும்.

பையன் ஊர்ல இல்லங்கிறதை பின்னாடி ஹைகோர்ட்ல கேஸை ரத்து பண்ணச் சொல்ற குவாஷ் மனுல பாத்துக்கலாம்னு விட்றாதீங்க, அதெல்லாம் ட்ரையல்ல நிரூபிக்கணும்னு ஹைகோர்ட் பொதுவா சொல்லிடும். விசாரணை அதிகாரிக்கு எழுத்துல மனு குடுத்து ரசீது வாங்குங்க, எஸ்பிக்கும் ஒரு காப்பி ரிஜிஸ்டர் தபால்ல போகட்டும். வேலைக்கு போலீஸ் வெரிஃபிகேஷன் வரும்போது இந்த கேஸ்தான் அவனுக்கு முன்னாடி நிக்கும், அதனாலதான் இவ்வளவு சொல்றேன்.

ராஜி தப்பில்ல. ஆனா பிஎன்எஸ் சட்டத்துல கையால அடிச்ச 115(2) பிரிவு கோர்ட்லயே ராஜியாகும், கட்டையால அடிச்ச 118(1), அசிங்கமா திட்டுன 296(b) ரெண்டும் ஆகாது, ஹைகோர்ட்ல பிஎன்எஸ்எஸ் 528ல குவாஷ் மனு போட்டுதான் முடிக்கணும். ஸ்டேஷன்ல எழுதி வாங்குற பேப்பரால எஃப்ஐஆர் போகாது. நிறைய பேர் தாங்க குடுத்த கேஸ்ல மட்டும் சமாதானம்னு கையெழுத்து போட்டுட்டு வந்துடறாங்க, எதிர் கேஸ் அப்படியே நிக்குது, அப்புறம் இவங்க மட்டும் வாய்தாவுக்கு அலையறாங்க. ரெண்டு க்ரைம் நம்பரும் ஒரே சமாதானப் பத்திரத்துல வரணும், ரெண்டு குவாஷ் மனுவும் ஒரே நாள் லிஸ்ட் ஆகணும், அதுவரைக்கும் எதுலயும் கையெழுத்து போடாதீங்க.

பையன் ஹாஸ்டல்ல தங்கியிருந்தா அன்னைக்குள்ள அட்டெண்டன்ஸையும் சிசிடிவி பதிவையும் இன்னைக்கே கேளுங்க, சிசிடிவி கொஞ்ச நாள்லயே தானா அழிஞ்சிடும்.